மயில்துத்தத்தின் நீலம் யாருடையது?

மயில்துத்தத்தில் நாலைந்து படிகங்களை எடுத்து உலர்ந்த சோதனைக்குழாயில் போட்டு, குழாயின் வாய்ப்பக்கம் சற்றுக் கீழே சாயும்படி பிடித்து, சிறு தீயில் காட்டிப் பாருங்கள். முதலில் குழாயின் குளிர்ந்த பகுதியில் முத்து முத்தாக நீர் கோக்கும். பிறகு படிகத்தின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கும். பொறுமையாகச் சூடேற்றினால் அத்தனை நீலமும் போய், அடியில் சுண்ணாம்புத் தூள் மாதிரி வெள்ளைப் பொடிதான் மிஞ்சும். தீயைக் கூட்டிவிட்டால் பொடி கறுக்க ஆரம்பிக்கும். அது சேர்மமே சிதைந்து காப்பர் ஆக்சைடாக மாறுவதற்கு அடையாளம், அந்த அளவுக்குப் போகக்கூடாது. குழாய் ஆறியதும் வெள்ளைப் பொடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்ற சத்தம், கையில் உறைக்கும் சூடு, அந்த இடத்தில் மறுபடியும் நீலம்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அணைவுச் சேர்மங்கள் பாடத்தை எந்த வருடமும் இப்படித்தான் தொடங்குகிறேன். "இதில் காப்பர் எங்கேயாவது போனதா?" என்று கேட்பேன். போகவில்லை. சல்பேட்டும் போகவில்லை. போனது தண்ணீர் மட்டும்தான். அப்படியானால் நாம் காப்பரின் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்த நீலம், காப்பரும் தண்ணீரும் சேர்ந்து உண்டாக்கிய நிறம். மயில்துத்தத்தின் எடையில் 36 சதவீதம் தண்ணீர். ஈரமாக ஒட்டிக்கொண்ட தண்ணீர் அல்ல அது. ஒரு காப்பர் அயனிக்கு ஐந்து நீர் மூலக்கூறு என்று எண்ணி வைத்தாற்போல் இருக்கிற தண்ணீர். அதனால்தான் CuSO₄·5H₂O என்று எழுதுகிறோம்.

அந்தத் தண்ணீர் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது? நீர் மூலக்கூறில் ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள். அவற்றில் நான்கு, இரண்டு ஹைட்ரஜன்களோடு பிணைப்பில் இருக்கின்றன. மீதி நான்கும் இரண்டு ஜோடிகளாக யாரோடும் பிணையாமல் சும்மா இருக்கின்றன. இவற்றைத் தனித்த எலக்ட்ரான் ஜோடி என்கிறோம். காப்பர் அயனியோ இரண்டு எலக்ட்ரான்களை இழந்து நேர்மின்சுமையோடு நிற்கிறது. அதன் வெளிப்புறத்தில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. ஆக்சிஜன் தன்னிடம் சும்மா இருக்கும் ஒரு ஜோடியை அந்தப் பக்கம் நீட்ட, அந்த ஜோடியே இருவருக்கும் நடுவே பிணைப்பாகிவிடுகிறது. பிணைப்புக்கு வேண்டிய இரண்டு எலக்ட்ரானையும் ஒரே பக்கம் தருவதால் இதற்கு ஈதல் சகப்பிணைப்பு என்று பெயர். தருகிற மூலக்கூறு ஈனி. கன்றை ஈனுகிற மாடு என்பதில் வருகிற அதே ஈனுதல் அல்ல, ஈதல் என்ற கொடைச் சொல்லோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. வாங்கிக்கொள்வது மைய உலோக அயனி. இரண்டும் சேர்ந்த மொத்தக் கூட்டம்தான் அணைவு அயனி.

மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்தால் ஒவ்வொரு காப்பர் அயனியைச் சுற்றியும் நான்கு நீர் மூலக்கூறுகள் நெருக்கமாக ஒரு சதுரத்தின் மூலைகளில் நிற்கும். மேலும் கீழும் இன்னும் தண்ணீர் உண்டு, ஆனால் சற்றுத் தள்ளி, பிடி தளர்ந்து. எழுதும்போது வழக்கமாக [Cu(H₂O)₆]²⁺ என்று ஆறாகவே எழுதுகிறோம். நெருங்கிய நாலு, தூரத்து இரண்டு என்ற இந்த வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும். இந்த நீர் மூலக்கூறுகள் நிரந்தரக் குடிகளும் அல்ல. ஒரு காப்பர் அயனியிடம் ஒரு நொடியில் நூறு கோடி தடவைக்கு மேல் ஒரு தண்ணீர் விலகி இன்னொரு தண்ணீர் வந்து உட்காருகிறது. இருக்கை காலியாகவே இருப்பதில்லை, உட்கார்ந்திருப்பவர்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்.

இப்போது அந்த இருக்கைக்குப் போட்டியாக அம்மோனியா வருகிறது.

உப்பு ஆய்வு செய்த எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். வெளிர்நீலக் கரைசலில் அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டுகளிலேயே கரைசல் கலங்கி, பால் கலந்த மாதிரி வெளிர்நீல வீழ்படிவு வரும். இந்த இடத்தில் நிறுத்திவிடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். "சார், அடர்நீலம்னு புக்ல போட்டிருக்கு, எனக்குத் தயிர் மாதிரிதான் சார் வருது" என்று குழாயைத் தூக்கிக் காட்டுவார்கள். "தப்பு ஒண்ணும் பண்ணலை தம்பி, பாதியில நிக்கிற. இன்னும் ஊத்து" என்பேன். இன்னும் ஊற்றிக் குலுக்கினால் அந்தக் கலங்கல் கண்முன்னே கரையும். கரைசல் தெளிந்து, குழாயின் மறுபக்கம் தெரியாத அளவுக்கு ஊதா கலந்த அடர்நீலமாக மாறும்.

நடுவில் ஏன் அந்தக் கலங்கல்? அம்மோனியா இரண்டு வேலை பார்க்கிறது. தண்ணீரில் கரைந்த அம்மோனியா ஒரு வலிமை குறைந்த காரம், சிறிதளவு ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருகிறது. அம்மோனியா குறைவாக இருக்கும்போது இந்தக் காரத்தன்மைதான் முந்திக்கொள்கிறது. காப்பர் அயனிகள் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து, கரையாத வெளிர்நீலப் பொருளாக இறங்கிவிடுகின்றன. மேலும் அம்மோனியா சேரும்போதுதான் அதன் இரண்டாவது வேலை, ஈனியாக இருக்கும் வேலை, கை ஓங்குகிறது. கரைசலில் மிச்சம் இருக்கும் கொஞ்சநஞ்சக் காப்பர் அயனிகளை அம்மோனியா பிடித்துக்கொண்டே போக, அதை ஈடுகட்ட வீழ்படிவு கரைந்துகொண்டே வருகிறது, கடைசியில் வீழ்படிவே இல்லாமல் போகிறது. இதைச் சரிபார்ப்பது சுலபம். இன்னொரு குழாயில் அம்மோனியாவுக்குப் பதில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடை விடுங்கள். அதே வெளிர்நீல வீழ்படிவு வரும், ஆனால் மேலும் எவ்வளவு ஊற்றினாலும் தெளிந்த அடர்நீலம் வராது. அங்கே காரம் இருக்கிறது, அம்மோனியா இல்லை.

தண்ணீரைவிட அம்மோனியாவுக்கு ஏன் அந்தச் செல்வாக்கு? அம்மோனியாவில் நைட்ரஜனிடம் ஒரே ஒரு தனித்த ஜோடிதான் இருக்கிறது. ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்துக்கொள்ளும் குணமுடையது, நைட்ரஜனின் பிடி அதைவிடத் தளர்வு. அதனால் நைட்ரஜன் தன் ஜோடியைக் காப்பருக்குத் தாராளமாகக் கொடுக்கிறது. முதல் தண்ணீரை விலக்கி முதல் அம்மோனியா உட்காரும் படி மிக வலுவானது. ஒரு லிட்டரில் ஒரு மோல் அம்மோனியா தனியாக மீந்திருந்தால், அந்தப் படியின் சமநிலை அம்மோனியா பக்கம் பத்தாயிரம் மடங்குக்குமேல் சாய்ந்திருக்கும். இரண்டாவது, மூன்றாவது என்று போகப்போகச் சாய்வு குறைந்து, நான்காவது படியில் சுமார் நூறு மடங்காகிவிடும். ஐந்தாவதும் ஆறாவதும் தண்ணீர்க் கரைசலில் சரியாகச் சேர்வதே இல்லை. நெருங்கிய நாலு, தூரத்து இரண்டு என்று முன்னால் சொன்னது இங்கே விளங்கும். அம்மோனியா பிடித்துக்கொண்டது நெருங்கிய நாலு இடங்களை.

நிறமும் இதனால்தான் மாறுகிறது. தண்ணீர் சூழ்ந்த காப்பர் அயனி, சிவப்பின் கடைசி ஓரத்தில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருந்தும்தான் ஒளியை உறிஞ்சுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கொஞ்சமே குறைவதால் நீலம் வெளிறித் தெரிகிறது. நாலு அம்மோனியா சூழ்ந்ததும் உறிஞ்சும் இடம் ஆரஞ்சு ஒளிக்கு நகர்ந்துவிடுகிறது, உறிஞ்சும் அளவும் பல மடங்கு கூடுகிறது. சிவப்பும் ஆரஞ்சும் பறிபோன வெள்ளொளியில் மிஞ்சுவது அந்த அடர்நீலம்.

அடர்நீலக் கரைசலை இப்போதே கழுவி ஊற்றிவிடாதீர்கள். அதில் நீர்த்த சல்பியூரிக் அமிலத்தை மெல்ல விட்டுக் குலுக்கினால் கண்ட காட்சி எல்லாம் பின்னோக்கி ஓடும். அடர்நீலம் போய்க் கலங்கல் வரும், இன்னும் விட்டால் கலங்கலும் போய்ப் பழைய வெளிர்நீலம் வரும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான், ஏனென்றால் தனித்த ஜோடி என்று நாம் கரும்பலகையில் வரைகிற இரண்டு புள்ளிகள் நிஜம் என்பதை இது காட்டிவிடுகிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி, அம்மோனியாவின் அந்த ஒரே ஜோடியைப் பிடித்துக்கொள்ள, அது அம்மோனியம் அயனியாகிவிடுகிறது. நைட்ரஜனிடம் கொடுக்க இனி ஒன்றும் இல்லை. கொடுக்க ஜோடி இல்லாதவர் ஈனியாக இருக்க முடியாது, காப்பரைவிட்டு விலகித்தான் ஆகவேண்டும்.

இந்த அடர்நீலத்தைப் படிகமாகவும் எடுக்கலாம். 5 கிராம் மயில்துத்தம் என்பது கிட்டத்தட்ட 0.02 மோல். அதை 20 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஆறவிட வேண்டும். ஒவ்வொரு காப்பருக்கும் நாலு அம்மோனியா, ஆக 0.08 மோல் அம்மோனியா வேண்டும். அடர் அம்மோனியாக் கரைசல் லிட்டருக்குச் சுமார் 15 மோல் என்பதால் ஐந்தரை மில்லி கணக்குக்குப் போதும். ஆனால் படிமுறை ஒவ்வொன்றும் அம்மோனியா பக்கம் சாய, மீதி இருக்கவேண்டும், அதனால் 10 மில்லி சேர்ப்போம். அதை ஜன்னலோரம் அல்லது புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் செய்யவேண்டும், கண்ணுக்கு ஆகாது. தெளிந்த அடர்நீலம் வந்தபின் பீக்கரின் ஓரமாக 20 மில்லி ஆல்கஹாலை, மேலே தனி அடுக்காக நிற்கும்படி மெல்ல வழியவிட்டு, மூடி, இரவு முழுக்க அசைக்காமல் வைப்போம். உப்பு ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது. இரண்டு அடுக்கும் கலக்கக் கலக்க, நீளவாக்கில் கருநீலப் படிகங்கள் வளரும்.

ஒருமுறை எங்கள் பிள்ளைகளுக்கு 4.1 கிராம் கிடைத்தது. படிகத்தின் வாய்பாடு [Cu(NH₃)₄]SO₄·H₂O, மோல் நிறை 245.7, ஆக 0.02 மோலுக்கு அதிகபட்சம் 4.9 கிராம் கிடைக்கலாம். 84 சதவீதம் என்று கணக்கெழுதி ஒரே சந்தோஷம். அந்தப் படிகத்தைச் சீக்கிரம் உலர்த்தலாம் என்று ஒரு பெண் வடிதாளோடு சூடான தட்டின்மேல் வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் அறையெங்கும் அம்மோனியா நெடி, தாளின்மேல் பச்சை கலந்த வெளிர்ப் பொடி. மயில்துத்தம் சூட்டில் தண்ணீரை இழந்தது போலவே இதுவும் அம்மோனியாவை இழந்துவிட்டது. பாட்டிலைத் திறந்து வைத்தால்கூட மெல்ல மெல்ல இதே கதிதான். கழுவுவதற்குத் தண்ணீரை எடுத்தாலும் கெட்டுப்போகும். சிறிது அம்மோனியா கலந்த ஆல்கஹாலில்தான் கழுவ வேண்டும், அறையின் காற்றிலேயே உலரவிட வேண்டும்.

வாய்பாட்டில் வருகிற அந்தச் சதுர அடைப்புக்குறியைக் கவனியுங்கள். உள்ளே இருப்பவை உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்தவை. வெளியே இருப்பது மின்சுமையை ஈடுகட்ட உடன் வந்த எதிரயனி. இந்தக் கோட்டை முதலில் போட்டவர் ஆல்ஃபிரட் வெர்னர். 1893-ல், தமது 26-வது வயதில், சூரிச்சில் இருந்தபோது இதை எழுதினார். எலக்ட்ரான் என்ற துகளையே அதற்கு நாலு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை. ஜோடி, ஈதல் எதுவும் தெரியாமல், சோதனைக்குழாயில் விழுந்த வெள்ளை வீழ்படிவை எடைபோட்டே ஆராய்ந்த சேர்மங்கள் அவருக்கு வழிகாட்டின.

அவர் எடுத்துக்கொண்டவை கோபால்ட்டின் அம்மோனியாச் சேர்மங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரின். அம்மோனியா மட்டும் ஆறு, ஐந்து, நாலு என்று மாறும். மஞ்சள், கருஞ்சிவப்பு ஊதா, பச்சை என்று நிறங்களும் மாறும். அந்தக் காலத்தில் பெயரே நிறத்தை வைத்துத்தான் இருந்தது. வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால் தனியாகத் திரியும் குளோரைடு வெள்ளி குளோரைடாக இறங்கிவிடும். ஆறு அம்மோனியா உள்ளதில் மூன்று குளோரினும் உடனே இறங்கின. ஐந்து உள்ளதில் இரண்டுதான் இறங்கின. நாலு உள்ளதில் ஒன்று மட்டும். ஒரு அம்மோனியா குறைந்தால் ஒரு குளோரின் மாட்டிக்கொள்கிறது. அப்படியானால் கோபால்ட்டைச் சுற்றி எப்போதும் ஆறு இடம், அம்மோனியா விட்ட இடத்தில் குளோரின் உட்காருகிறது என்றார் வெர்னர். அந்த ஆறுக்குத்தான் அணைவு எண் என்று பெயர். 1913-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காப்பரை வைத்து இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது. அங்கே இருக்கைகள் கண்ணிமைப்பதற்குள் கைமாறிவிடும். மூன்று எலக்ட்ரான் இழந்த கோபால்ட்டின் பிடி வேறு மாதிரி. ஆறு அம்மோனியா கொண்ட மஞ்சள் உப்பை அமிலத்தில் போட்டாலும், சாதாரண வெப்பநிலையில் நாட்கணக்கில் அப்படியே இருக்கும். அமிலம் பட்ட உடனே அம்மோனியாவை விட்டுக்கொடுத்த காப்பரை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் அமிலத்தில் அந்தக் கோபால்ட் அயனி நிலையானது அல்ல, சிதைவதே அதற்கு இலாபம். சிதைய நேரமாகிறது, அவ்வளவுதான்.

அடைப்புக்குறிக்கு உள்ளே யார், வெளியே யார் என்று தெரிந்துவிட்டால் பெயர் வைப்பது கடினமில்லை. பிள்ளைகள் இதை மனப்பாட விதிகளாகப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஒன்றை எடுத்து நிதானமாகச் செய்து பார்ப்போம். ஐந்து அம்மோனியா உள்ள ஊதா உப்பு, [Co(NH₃)₅Cl]Cl₂.

முதலில் நேர் அயனி, பிறகு எதிர் அயனி, சோடியம் குளோரைடு என்று சொல்வது போலத்தான். இங்கே நேர் அயனி அடைப்புக்குறிக்குள் இருக்கும் மொத்தமும். அதற்குள் ஈனிகளை முதலில் சொல்லி, உலோகத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். ஈனியாக இருக்கும் அம்மோனியாவுக்கு அம்மீன் என்று பெயர், தண்ணீருக்கு அக்வா. அம்மீனில் ம் இரட்டித்து வருவதை விட்டுவிட்டு அமீன் என்று எழுதினால் அது வேறொரு கரிமச் சேர்ம வகை, விடைத்தாளில் மதிப்பெண் போகிற இடம் இது. எதிர்மின்சுமையுள்ள ஈனியின் பெயர் ஓகாரத்தில் முடியும், ஆகவே உள்ளே இருக்கும் குளோரின் குளோரிடோ. பழைய புத்தகங்களில் குளோரோ என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஒரே ஈனி பல இருந்தால் டை, ட்ரை, டெட்ரா, பென்டா, ஹெக்சா என்று எண்ணிக்கையை முன்னால் வைக்கிறோம். எந்த ஈனி முதலில் என்பதை ஆங்கில அகர வரிசை தீர்மானிக்கும், அதில் எண்ணிக்கைச் சொல்லைக் கணக்கில் எடுக்கக்கூடாது. அம்மீன் முந்தும், குளோரிடோ பிந்தும்.

மிஞ்சியது கோபால்ட்டின் ஆக்சிஜனேற்ற எண். வெளியே இரண்டு குளோரைடு, ஆகவே அடைப்புக்குறிக்குள் மொத்தச் சுமை +2. உள்ளே அம்மோனியாவுக்குச் சுமை இல்லை, குளோரிடோவுக்கு −1. +2 வரவேண்டுமானால் கோபால்ட் +3. அதை ரோமன் எண்ணில், இடைவெளி விடாமல் உலோகத்தின் பெயரோடு ஒட்டி எழுதினால் பெயர் முடிந்தது. பென்டாஅம்மீன்குளோரிடோகோபால்ட்(III) குளோரைடு. இதே முறையில் மஞ்சள் உப்பு ஹெக்சாஅம்மீன்கோபால்ட்(III) குளோரைடு. நம் கருநீலப் படிகம் டெட்ராஅம்மீன்காப்பர்(II) சல்பேட் மோனோஹைட்ரேட். அந்தப் படிகத்தை ஊடுகதிரால் ஆராய்ந்தவர்கள், அந்த ஒரு தண்ணீரும் காப்பரின் மேற்பக்கம் சற்றுத் தள்ளி, தளர்வாகப் பிணைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதை மதித்து எழுதுவதானால் டெட்ராஅம்மீன்அக்வாகாப்பர்(II) சல்பேட் என்று தண்ணீரை உள்ளே கொண்டுவர வேண்டும். அணைவு அயனியே எதிர்மின்சுமையோடு இருந்தால் மட்டும் உலோகத்தின் பெயர் ஏட் என்று முடியும், [CuCl₄]²⁻ என்பது டெட்ராகுளோரிடோகுப்ரேட்(II).

ஊதா உப்பின் பெயருக்குத் திரும்புவோம். குளோரின் அதில் இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டு உருவத்தில். கடைசியில் வரும் குளோரைடு, வெள்ளி நைட்ரேட் பட்டதும் இறங்கிவிடும். நடுவில் வரும் குளோரிடோ இறங்காது. ஆனால் அந்தப் பிடியும் என்றென்றைக்குமானது அல்ல. உப்பைத் தண்ணீரில் கரைத்து வெதுவெதுப்பாக நெடுநேரம் வைத்திருந்தால், உள்ளே இருந்த குளோரின் ஒவ்வொன்றாக வெளியேறி, அந்த இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு வந்து உட்காரும். ஊதா கரைந்து ரோஜாச் சிவப்பாகும். அந்தக் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டை விட்டால் இப்போது மூன்று குளோரைடும் இறங்கும். குப்பியின்மேல் ஒட்டியிருந்த பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, பென்டாஅம்மீன்அக்வாகோபால்ட்(III) குளோரைடு என்று புதிதாக எழுதி ஒட்டவேண்டியதுதான்.